கன்று ஈன்ற பசுவுக்குத் தீவனக் கணக்கு: பச்சை எவ்வளவு, வைக்கோல் எவ்வளவு, அடர்தீவனம் எவ்வளவு?

கன்று ஈன்ற பசுவின் பால் நாளுக்கு நாள் ஏறி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்தைத் தொடும். அதன் பசியோ அவ்வளவு வேகமாக ஏறாது. முழு அளவு தின்னத் தொடங்கப் பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகிவிடும். அதனால் முதல் இரண்டு மாதம் பசு தின்பதைவிட அதிகமாகக் கறக்கிறது. அந்தக் குறையைத் தன் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்து ஈடுகட்டுகிறது. ஓரளவு கரைவது இயல்புதான். அளவு மீறினால் பால் உச்சத்துக்குப் போகாமலே இறங்கிவிடும், பசு இளைக்கும், மூன்றாம் மாதம் பருவத்துக்கு வர வேண்டியது தள்ளிப்போகும்.

இந்தக் காலத்தில் பெரும்பாலான கொட்டகைகளில் நடப்பது என்ன? பசு நிறையத் தின்கிறது, தொட்டி காலியாகிறது, வயிறும் நிறைந்திருக்கிறது. ஆனாலும் சத்து போதவில்லை. வயிற்றின் இடத்தை வைக்கோல் பிடித்துக்கொண்டதுதான் காரணம். ஒரு நாளில் பசுவின் வயிற்றுக்குள் போகக்கூடிய தீவனத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் தேவையான சத்தை அடக்கிக் காட்டுவதுதான் தீவனச் சமன்பாடு. இதற்குக் கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில் தண்ணீரைக் கழியுங்கள்

20 கிலோ பசும்புல்லையும் 5 கிலோ வைக்கோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புல்தான் அதிகம் என்று தோன்றும். கம்பு நேப்பியர் புல்லில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 20 கிலோவில் 4 கிலோதான் உண்மையான தீவனம். வைக்கோலில் தண்ணீர் பத்தில் ஒரு பங்குதான் என்பதால் 5 கிலோவில் நாலரைக் கிலோ நிற்கும். தண்ணீரைக் கழித்த பிறகு மிஞ்சும் எடைக்கு உலர்பொருள் என்று பெயர். எந்தத் தீவனத்தையும் இன்னொன்றோடு ஒப்பிட வேண்டுமானால் உலர்பொருளில்தான் ஒப்பிட வேண்டும்.

நல்ல பசி உள்ள கலப்பினக் கறவைப் பசு தன் உடல் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு உலர்பொருள் தின்னும். 400 கிலோ பசு என்றால் நாளுக்கு 12 கிலோ. கன்று ஈன்ற முதல் சில வாரங்களில் இது 10 கிலோ அளவுக்குத்தான் இருக்கும். நம்மிடம் உள்ள இடம் இவ்வளவுதான்.

பசுவின் எடையை அறிய எடைமேடை வேண்டாம், தையல்காரர் நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளங்கள். தோள்பட்டை முனையிலிருந்து வால் பக்கத்து இடுப்பெலும்பு முனை வரை நீளத்தையும் அளங்கள். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 66, நீளம் 60 என்றால் 66 × 66 × 60 ÷ 660 = 396 கிலோ. பத்திருபது கிலோ முன்னே பின்னே இருந்தாலும் தீவனக் கணக்குக்கு இது தாராளம். பசுவைச் சமதரையில் நான்கு காலும் சரியாக ஊன்றி நிற்க வைத்து அளப்பது முக்கியம். நாடா தளர்ந்து இரண்டு அங்குலம் கூடினால் எடையில் இருபத்தைந்து கிலோ தப்பிவிடும்.

பசு கேட்பது எவ்வளவு?

தேவையை இரண்டு பகுதியாகப் பாருங்கள். ஒன்று, பால் கறக்காமல் நின்றாலும் உடம்பைக் காக்கத் தேவைப்படுவது. மற்றது ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் ஆவது. இரண்டையும் கணக்கிடப் புரதம், செரிக்கும் சத்து என்ற இரண்டு எண்கள் போதும். செரிக்கும் சத்து என்பது தீவனத்தில் பசுவின் உடம்பில் ஒட்டக்கூடிய மொத்தப் பகுதி. அதாவது எரிசக்தி. தீவனக் கையேடுகளில் இதை டி.டி.என். என்று எழுதியிருப்பார்கள்.

400 கிலோ பசுவின் உடம்புக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 320 கிராம் புரதமும் 3.1 கிலோ செரிக்கும் சத்தும் வேண்டும். நான்கு சதவீதக் கொழுப்புள்ள பால் லிட்டருக்கு 90 கிராம் புரதம், 0.32 கிலோ செரிக்கும் சத்து. ஆக, 12 லிட்டர் கறக்கும் ஜெர்சி கலப்பினப் பசுவுக்குப் புரதம் 320 + 1,080 = 1,400 கிராம். செரிக்கும் சத்து 3.1 + 3.84, அதாவது ஏறக்குறைய 7 கிலோ.

12 கிலோ இடத்துக்குள் 7 கிலோ செரிக்கும் சத்தும் 1.4 கிலோ புரதமும் அடங்க வேண்டும் என்பதுதான் நம் முன் உள்ள கணக்கு. உள்ளே போகும் ஒவ்வொரு கிலோ உலர்பொருளும் சராசரியாக 580 கிராமுக்கு மேல் செரிக்க வேண்டும் என்று இதற்குப் பொருள்.

இந்த 580 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு தீவனங்களைப் பாருங்கள். நெல் வைக்கோல் கிலோ உலர்பொருளுக்கு 420 கிராம்தான் செரிக்கும், புரதம் 35 கிராம். 45 நாளில் அறுத்த கோ 4 அல்லது கோ (பிஎன்) 5 ரகக் கம்பு நேப்பியர் புல் 540 கிராம் செரிக்கும், புரதம் 90 கிராம் அளவு. பயறுவகைப் பசுந்தீவனமான வேலிமசால் 580 கிராம், புரதம் 180. தானியமும் புண்ணாக்கும் தவிடும் கலந்த நல்ல அடர்தீவனம் 750 கிராமுக்கு மேல். வைக்கோல் சராசரியைக் கீழே இழுக்கிறது, அடர்தீவனம் மேலே தூக்குகிறது, நல்ல பசும்புல் சராசரியை ஒட்டியே நிற்கிறது. ஆகையால் வைக்கோல் கூடக்கூட அதை ஈடுகட்ட அடர்தீவனம் கூட வேண்டும். பசும்புல் கூடினால் அடர்தீவனம் குறையலாம்.

வழக்கமான தீவனத்தில் எங்கே ஓட்டை?

பல வீடுகளில் காணும் அளவு இது: பசும்புல் ஒரு கட்டு, 10 கிலோ. வைக்கோல் நாள் முழுக்கப் போட்டுப் போட்டு 7 கிலோ. அடர்தீவனம் காலையில் 2, மாலையில் 2, ஆக 4 கிலோ.

புல்லில் உலர்பொருள் 2 கிலோ. அதில் 180 கிராம் புரதமும் 1.08 கிலோ செரிக்கும் சத்தும் இருக்கும். வைக்கோலில் உலர்பொருள் 6.3 கிலோ, புரதம் 220 கிராம், செரிக்கும் சத்து 2.65 கிலோ. எடைபோடும் நிலையிலேயே கிலோவுக்கு 200 கிராம் புரதமும் 680 கிராம் செரிக்கும் சத்தும் உள்ள அடர்தீவனம் 4 கிலோவில் 3.6 கிலோ உலர்பொருள், 800 கிராம் புரதம், 2.72 கிலோ செரிக்கும் சத்து. கூட்டினால் உலர்பொருள் 11.9 கிலோ, புரதம் 1,200 கிராம், செரிக்கும் சத்து 6.45 கிலோ.

வயிற்றில் இனி இடமே இல்லை. ஆனால் புரதம் 200 கிராம் குறைவு. செரிக்கும் சத்து அரைக் கிலோவுக்கு மேல் குறைவு. அந்த அரைக் கிலோதான் ஒன்றே முக்கால் லிட்டர் பால். பசு இந்தக் குறையை உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும், அல்லது பாலைக் குறைத்துக்கொள்ளும். முதல் மாதத்தில் 10 கிலோதான் தின்கிறது என்றால் இதே தீவனத்தில் கிடைப்பது ஐந்தரைக் கிலோ செரிக்கும் சத்துகூட இல்லை. குறை ஐந்து லிட்டர் பாலுக்குச் சமம். தினமும் முக்கால் கிலோ உடம்பு கரையும். ஒரு மாதம் இப்படிப் போனால் 20 கிலோவுக்கு மேல் போய்விடும். "கன்னு போட்டதும் மாடு காஞ்சு போச்சு" என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் பின்னால் நிற்கும். பசுவிடம் குறை இல்லை.

வைக்கோலைக் குறைத்துப் பச்சையைக் கூட்டினால்

அதே 12 கிலோ இடத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

| தீவனம் | எடை (கிலோ) | உலர்பொருள் (கிலோ) | புரதம் (கிராம்) | செரிக்கும் சத்து (கிலோ) |
|---|---|---|---|---|
| கம்பு நேப்பியர் புல் | 20 | 4.0 | 360 | 2.16 |
| வேலிமசால் | 5 | 1.25 | 225 | 0.72 |
| வைக்கோல் | 3 | 2.7 | 95 | 1.13 |
| அடர்தீவனம் | 4.5 | 4.05 | 900 | 3.06 |
| மொத்தம் | 32.5 | 12.0 | 1,580 | 7.07 |

அடர்தீவனம் கூடியது அரைக் கிலோதான். இருந்தும் செரிக்கும் சத்து 7 கிலோவைத் தொட்டுவிட்டது, புரதம் தேவைக்கு மேலேயே நிற்கிறது. காரணம் நாம் வெளியே எடுத்த 4 கிலோ வைக்கோல்.

இந்த அட்டவணையில் இன்னொன்றையும் கவனியுங்கள். புரதம் தாராளம், எரிசக்திதான் இழுபறி. கறவை குறைந்தால் உடனே கூடுதலாக ஒரு கிலோ புண்ணாக்கு வைப்பது நம் வழக்கம். பயறுவகைப் பசுந்தீவனம் கொடுக்கும் இடத்தில் அது பெரும்பாலும் வீண். அங்கே குறைவது மாவுச்சத்து. அதே பணத்துக்கு மக்காச்சோள மாவு வாங்கிக் கலவையில் கூட்டுவது நல்லது.

வேலிமசால் இல்லையென்றால் தட்டைப்பயறு, குதிரைமசால், அகத்தி இவற்றில் எது கைக்கு வருகிறதோ அது. தட்டைப்பயறும் குதிரைமசாலும் ஈரத்தோடு வெறும் வயிற்றில் போனால் உப்புசம் வரும். அறுத்து இரண்டு மணி நேரம் வாட விட்டு, கொஞ்சம் வைக்கோல் தின்ற பிறகு கொடுங்கள்.

வைக்கோலை முழுவதும் நிறுத்தக் கூடாதா என்று கேட்கலாம். கூடாது. நீண்ட நார் இருந்தால்தான் பசு அசைபோடும், அசைபோட்டால்தான் எச்சில் ஊறும், எச்சில்தான் முதல் வயிற்றில் உண்டாகும் புளிப்பை முறிக்கும். இளம்புல்லும் அடர்தீவனமும் மட்டும் தின்னும் பசுவின் சாணம் இளகும், பாலில் கொழுப்பு இறங்கும். அதற்கு 2 முதல் 3 கிலோ வைக்கோல் போதும். புல்லையும் வைக்கோலையும் ஒன்று இரண்டு அங்குல நீளத்தில் நறுக்கிக் கலந்து போட்டால் புல்லை மட்டும் பொறுக்கித் தின்ன முடியாது. அதைவிடப் பொடியாக நறுக்க வேண்டாம். மாவு போல் அரைத்தால் நார் இருந்தும் அசைபோட வைக்காது.

நாளுக்கு 20 கிலோ புல் என்றால் ஆண்டுக்கு ஏழே கால் டன். பாசனம் உள்ள கம்பு நேப்பியர் 10 சென்ட் இதைத் தந்துவிடும். சிபாரிசு செய்யும் விளைச்சலில் பாதி எடுத்தாலே போதும்.

பச்சை இல்லாத இடத்தில்

உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ அடர்தீவனம் என்ற கணக்கைப் பலரும் கேட்டிருப்பீர்கள். 12 லிட்டருக்கு இது 6.3 கிலோ ஆகிறது. நம் அட்டவணையில் 4.5 கிலோதான். எது சரி?

இரண்டும் சரி. அந்தப் பழைய கணக்கு வைக்கோலை நம்பி நிற்கும் பசுவுக்கானது. 5 கிலோ வைக்கோல், 9 கிலோ பசும்புல், 6.3 கிலோ அடர்தீவனம் என்று போட்டுக் கூட்டினால் அதுவும் 12 கிலோ உலர்பொருளுக்குள் 7.1 கிலோ செரிக்கும் சத்தைத் தருகிறது. 11 கிலோ நேப்பியரும் 5 கிலோ வேலிமசாலும் கூடுதலாக இருந்ததால்தான் ஒன்றே முக்கால் கிலோ அடர்தீவனம் மிச்சமானது. தவறு எங்கே நடக்கிறது என்றால், 25 கிலோ பச்சை போட்ட பிறகும் 6.3 கிலோ வைப்பதிலும், பச்சை தீர்ந்த கோடையில் 4.5 கிலோவிலேயே நிற்பதிலும்தான். கோடைக்கு ஒரு கணக்கு, மழைக்காலத்துக்கு ஒரு கணக்கு வேண்டும்.

கோடையில் வைக்கோலையே மேம்படுத்த ஒரு வழி உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் பாலித்தீன் தாளால் மூடி 21 நாள் வைக்க வேண்டும். புரதம் இரட்டிப்பாகும், செரிமானமும் கூடும். எடுத்ததும் ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, முதலில் சிறிதளவு கொடுத்துப் பழக்குங்கள். யூரியாவை நேரடியாகத் தீவனத்திலோ தண்ணீரிலோ கலப்பது உயிருக்கே ஆபத்து. ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுகளுக்கு இந்த வைக்கோல் ஆகாது.

அடர்தீவனத்தை வீட்டில் கலப்பதானால்

நம் கணக்கில் எடுத்துக்கொண்ட தரத்துக்கு 100 கிலோ கலவை இப்படி வரும்: மக்காச்சோளம் 36 கிலோ, கடலைப் புண்ணாக்கு 28, கோதுமைத் தவிடு 18, உளுந்து அல்லது துவரைப் பொட்டு 15, தாது உப்புக் கலவை 2, சமையல் உப்பு 1. புரதம் நூற்றுக்கு 20 அளவில் வரும். சோளத்தை ரவைப் பதத்தில் உடையுங்கள். முழுதாகப் போனால் சாணத்தில் அப்படியே வரும். நைசாக அரைத்தால் வயிற்றில் வேகமாகப் புளிக்கும்.

நெல் வைக்கோலிலும் நேப்பியரிலும் ஆக்சலேட் என்ற பொருள் இருப்பதால் அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் தாது உப்பை விடக் கூடாது. மேலே சொன்ன கலவையை 4.5 கிலோ கொடுத்தால் 90 கிராம் தாது உப்பு உள்ளே போய்விடுகிறது, தனியாக வைக்க வேண்டியதில்லை. தாது உப்புச் சேராத தவிடும் புண்ணாக்கும் மட்டும் கொடுப்பவர்கள் நாளுக்கு 50 கிராம் தாது உப்பும் 30 கிராம் சமையல் உப்பும் சேர்க்க வேண்டும்.

கடலைப் புண்ணாக்கை உடைத்துப் பார்த்து வாங்குங்கள். உள்ளே பச்சையோ கருப்போ பூஞ்சை தெரிந்தால், கசந்த வாடை அடித்தால் வேண்டாம். அந்தப் பூஞ்சையின் நஞ்சு பசுவின் ஈரலைக் கெடுப்பதோடு பாலிலும் இறங்குகிறது. அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைகள்தான்.

அளவுக்குச் சட்டியை நம்ப வேண்டாம். ஒரே சட்டியில் குவித்து எடுத்த தவிடும் மக்காச்சோள மாவும் ஒரே எடை இருக்காது. தவிடு மிகவும் லேசு. "ரெண்டு சட்டி வைக்கிறேன்" என்பவர் தொங்கு தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தால், தான் நினைத்ததற்கும் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் புரியும். கலவை மாறும்போதெல்லாம் மறுபடியும் நிறுக்க வேண்டும். பச்சைக்கட்டும் அப்படித்தான்.

எப்படித் தொடங்கி எப்படி ஏற்றுவது?

கன்று ஈன்ற அன்றே 4.5 கிலோ வைத்தால் பசு நோயில் விழும். முதல் வயிற்றில் தீவனத்தைச் செரிக்க வைப்பவை நுண்ணுயிரிகள். நாரைச் செரிக்கும் கூட்டம் வேறு, மாவைச் செரிக்கும் கூட்டம் வேறு. வைக்கோலில் இருந்த பசுவுக்குத் திடீரென்று மாவு போனால் புளிப்பு உண்டாக்கும் கூட்டம் மட்டும் பெருகிவிடும். கூட்டம் மாற இரண்டு வாரம் கொடுக்க வேண்டும்.

அதனால் வேலை கன்று ஈனும் முன்பே தொடங்குகிறது. கடைசி மூன்று வாரம் அரைக் கிலோவில் ஆரம்பித்து 2 கிலோ வரை அடர்தீவனம் கொண்டுவாருங்கள். ஈன்ற பிறகும் அதே 2 கிலோ. பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரைக் கிலோ கூட்டினால் இரண்டாம் வாரக் கடைசியில் 4.5 கிலோ வந்துவிடும். சாணம் இளகினாலோ தொட்டியில் மீதம் வைத்தாலோ அதே அளவில் நின்று, சரியான பிறகு ஏறுங்கள்.

4.5 கிலோவை எட்டியதும் ஒரு சோதனை செய்யலாம். அரைக் கிலோ கூட்டி ஐந்து நாள் பாலை அளந்து பாருங்கள். அரைக் கிலோ அடர்தீவனத்தில் உள்ள எரிசக்தி ஒரு லிட்டர் பாலுக்குப் போதுமானது. பால் முக்கால் லிட்டராவது ஏறினால் பசுவுக்கு இன்னும் திறன் இருக்கிறது, மறுபடி அரைக் கிலோ கூட்டலாம். ஏறவில்லையென்றால் கூட்டியதைக் குறைத்துவிடுங்கள். முதல் இரண்டு மாதத்தில் மட்டும் இந்தச் சோதனைக்குப் பலன் உண்டு. உச்சம் தாண்டிய பிறகு கூட்டினால் அது பாலாகாமல் கொழுப்பாகும். எவ்வளவு கூட்டினாலும் மொத்த உலர்பொருளில் பாதிக்கு மேல் அடர்தீவனம் போக வேண்டாம்.

ஒரு வேளைக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் வைக்காதீர்கள். 4.5 கிலோ இரண்டு கறவைக்கும் பிரிந்துவிடும், 6 கிலோ என்றால் மதியம் ஒரு வேளை வேண்டும். கறக்கப் போகும் முன் கொஞ்சம் நறுக்கிய தட்டையோ வைக்கோலோ போட்டு, பிறகு அடர்தீவனம் வையுங்கள்.

அடர்தீவனத்தை வாளித் தண்ணீரில் கரைத்துக் காட்டும் பழக்கம் தமிழ்நாட்டில் மிகுதி. இதில் இரண்டு சிக்கல். மெல்லாமல் விழுங்குவதால் எச்சில் ஊறுவதில்லை. தாகம் எவ்வளவோ அவ்வளவு மட்டும் குடித்துவிட்டு அடியில் தங்கிய சத்தை விட்டுவிடுகிறது. பிசறிய புட்டு மாவுப் பதத்தில் ஈரமாக்கிக் கொடுத்துவிட்டு, தண்ணீரைத் தனியே எந்நேரமும் கிடைக்கும்படி வைப்பதே நல்லது. 12 லிட்டர் கறக்கும் பசு வெயில் நாளில் 70, 80 லிட்டர் குடிக்கும். தண்ணீர் குறைந்தால் தீவனம் தின்பதும் அன்றே குறையும்.

சமன் தப்பியதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

சாணத்தைப் பாருங்கள். சரியாக இருந்தால் விழுந்த இடத்தில் இரண்டு அங்குல உயரத்தில் வட்டமாக, நடுவில் லேசான குழியோடு நிற்கும். அடுக்கடுக்காக உருண்டையாக, நார் தெரிய விழுந்தால் வைக்கோல் அதிகம், புரதமோ தண்ணீரோ குறைவு. தண்ணீராக, நுரையோடு, புளித்த வாடையோடு, சோள ரவை தெரிய விழுந்தால் மாவு அதிகம், நார் குறைவு.

தின்று முடித்து இரண்டு மணி நேரம் கழித்து, படுத்திருக்கும் பசுவைக் கவனியுங்கள். வாய்க்கு வந்த ஓர் உருண்டையை விழுங்கும் முன் எத்தனை முறை மெல்லுகிறது என்று எண்ணுங்கள். 50 முதல் 60 வரை வந்தால் நார் போதும். 40க்குக் கீழே வந்தால் நீண்ட நாரைக் கூட்ட வேண்டும்.

சொசைட்டியில் தரும் பால் சீட்டும் தீவனத்தைப் பற்றித்தான் பேசுகிறது. ஜெர்சி கலப்பினத்தில் 4க்கு மேல் இருந்த கொழுப்பு மூன்றரைக்கு இறங்கினால் நார் குறைந்து புளிப்பு ஏறியிருக்கிறது. கொழுப்பு நீங்கலான திடப்பொருளைக் காட்டும் எஸ்.என்.எஃப். 8.3க்கும் கீழே தொடர்ந்து வந்தால் எரிசக்தி போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஈன்ற முதல் மாதத்தில் கொழுப்பு வழக்கத்துக்கு மேல் ஏறி எஸ்.என்.எஃப். இறங்குவதைப் பார்த்துப் பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்தக் கொழுப்பு பசுவின் உடம்பிலிருந்து கரைந்து வருவது.

அந்தக் கரைதல் கட்டுமீறினால் கீட்டோசிஸ் வரும். அடர்தீவனத்தை முகர்ந்துவிட்டு ஒதுக்கும், வைக்கோலை மட்டும் கடிக்கும், பால் மளமளவென்று இறங்கும், மூச்சில் பழுத்த பழம் போல் இனித்த வாடை வரும். கால்நடை மருத்துவரை அன்றே அழைக்க வேண்டும். ஈனும்போது மிகவும் கொழுத்திருந்த பசுவுக்கும் இது எளிதில் வரும். கொழுத்த பசுவுக்குப் பசி இன்னும் மெதுவாகத்தான் திரும்பும்.

எதிர்ப்பக்கத்து ஆபத்து புளிப்பு. பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மறுநாள் மிஞ்சிய சோறு, பொங்கல், புளித்த மாவு ஆகியவற்றை அன்போடு தொட்டியில் கொட்டுவது வழக்கம். வெந்த சோறு பச்சை அரிசியைவிட வேகமாக வயிற்றில் புளிக்கும். சில கிலோ போதும், மறுநாள் பசு தின்னாமல், அசைபோடாமல், வயிறு கனத்து, கண் குழிந்து நிற்கும். தாமதித்தால் பிழைப்பதில்லை. கண்டதும் தீவனத்தை நிறுத்தி மருத்துவரை அழைத்துவிடுங்கள்.

எண்கள் மாறும் இடம்

மேலே கொடுத்த சத்து அளவுகள் சராசரி. அதிகம் மாறுவது பசும்புல்தான். அடைமழையில் புல்லில் உலர்பொருள் நூற்றுக்கு 15க்கு இறங்கிவிடும். 20 கிலோவில் 4 கிலோவுக்குப் பதில் 3 கிலோதான் வரும். ஈடுகட்ட 26, 27 கிலோ வேண்டும். உங்கள் புல்லை அறிய ஒரு கிலோ நறுக்கி, வெயிலில் நன்றாக நொறுங்கும் வரை காயவைத்து நிறுங்கள். 220 கிராம் மிஞ்சினால், காய்ந்த பின்னும் ஒட்டியிருக்கும் ஈரத்தைக் கழித்து 200 கிராம் உலர்பொருள் என்று கொள்ளலாம். 60, 70 நாள் விட்டு முற்றிய புல்லில் எடை அதிகம் கிடைக்கும். ஆனால் புரதம் மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருக்கும், தண்டு வைக்கோல் போலவே இடத்தை அடைக்கும். முதல் அறுவடைக்குப் பின் 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கச் சொல்வது இதனால்தான்.

மூன்றாம் மாதம் முடியும்போது மறுபடி நாடாவை எடுத்து எடையையும், அன்றைய கறவையையும் போட்டுக் கணக்கைத் திரும்பச் செய்யுங்கள். பால் 12இலிருந்து 10 லிட்டருக்கு இறங்கியிருந்தால் தேவை 640 கிராம் செரிக்கும் சத்து குறைந்திருக்கும். அது ஒரு கிலோ அடர்தீவனத்துக்குச் சமம். அந்த ஒரு கிலோவையும் உடனே வெட்டாமல் அரைக் கிலோ மட்டும் குறையுங்கள். மீதி அரைக் கிலோ, முதல் இரண்டு மாதத்தில் பசு கரைத்துக் கொடுத்த உடம்பை மெல்லத் தேற்றட்டும். விலா எலும்புகள் வெளியே தெரிவது நின்று, இடுப்பெலும்பின் முனை கொஞ்சம் மழுங்கிய பிறகு அதையும் குறைத்துக்கொள்ளலாம்.